மகளின் பாட்டைப் படத்தில் தேடினோம்

மங்கலம் ரோட்டில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கும் பக்கத்து நிட்டிங் கம்பெனிக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் மிஷின்கள் வட்டமாகச் சுற்றித் துணி பின்னிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் எங்கள் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் "எப்படிங்க இதுல இருக்கீங்க?" என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்கள் காது அந்தச் சத்தத்துக்கு மரத்துப் போயிருந்தது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆட்டிசம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லை எங்களோடு சேர்ந்து சொந்தக்காரர்கள் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. பிடிவாதம் என்றார்கள், தோஷம் என்றார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் சாம்பிள் செக்‌ஷனில் இருந்த என் வேலையை விட்டுவிட்டு அவளோடேயே இருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்.

பகல் முழுவதும் மகள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். கம்பெனியில் வேலை செய்த வடக்கத்திப் பையன்கள் ஜன்னலோரம் ஒரு பழைய டேப் வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒரு பாட்டுப் போடுவார்கள். தினமும் அதே பாட்டு. அது தொடங்கியதும் மகளுடைய உடம்பு தளரும், விரித்துப் பிடித்திருந்த விரல்கள் மடங்கும். அந்தப் பாட்டு ஓடும்போது சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். அது நின்றால் வாயையும் மூடிக்கொள்வாள். ஒருநாள் அந்தப் பாட்டுக்கு நடுவே அவள் சிரித்தாள். எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு அன்றைக்கு லீவு. சட்டென்று செல்போனை எடுத்து அந்தச் சிரிப்பைப் பதிவு பண்ணினார். அரை நிமிடம்கூட இருக்காது.

அந்த வருஷம் ஆர்டர் குறைந்துபோய் ஊரெல்லாம் கம்பெனிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கம்பெனியும் மூடியது. முந்தின நாள் ஓடின மிஷின்கள் மறுநாள் ஓடவில்லை. டம்ளர்கள் அசையாமல் நின்றன. மகள் சுவரில் சாய்ந்து காத்திருந்தாள். மத்தியானம் வந்தது, போனது. பாட்டு வரவில்லை. சாயங்காலம் அவள் தன் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை வரிசையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. எதை வாயருகே கொண்டுபோனாலும் தட்டிவிட்டாள். பால், தண்ணீர்கூட உதட்டோரத்தில் வழிந்தது. அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவே என் உள்ளங்கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கை மரத்துப் போகும். கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். கையை ஆட்டாமலிருக்க அட்டை வைத்துக் கட்டினார்கள்.

கம்பெனி ஓனரைத் தேடிப் போனேன். நல்ல மனுஷர். ஷட்டருக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"பசங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்கம்மா. ஏஜெண்டு போன் எடுக்கறதில்லீங்க."

"எந்த ஊருங்க?"

"ஒரிசா, பீகார், பெங்கால்னு எல்லாங் கலந்துதானுங்க இருந்தாங்க. அந்த டேப்பு யாருதுன்னு நான் கண்டனா?"

பாட்டுக் கடைகளில் கேட்டேன். எனக்கு வராத ராகத்தை வாயால் இழுத்துக் காட்டினேன். பெண் குரல், ஹிந்தி சினிமாப் பாட்டு என்றுதான் நானும் வீட்டுக்காரரும் நினைத்திருந்தோம். கடைக்காரர்கள் கொடுத்ததையெல்லாம் வாங்கிப் போய்ப் போட்டுக் காட்டினோம். மகள் ஒன்றுக்கும் திரும்பவில்லை.

செல்போன் பதிவு வீட்டுக்காரருக்குத்தான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைப் போட்டுக் காட்டினார். மிஷின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. அதற்கு மேல் மகளுடைய சிரிப்பு. பாட்டு எங்கோ கிணற்றுக்கடியில். ஆனால் அவளுக்குக் கேட்டது. கண் நின்றது, விரல் மடங்கியது. நான் கஞ்சி டம்ளரை எடுப்பதற்குள் பதிவு முடிந்துவிட்டது. அவள் கத்தினாள். முன்பு கத்தியதைவிட மோசமாக. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள்.

"மறுபடி மறுபடி ஓடற மாதிரி பண்ணிக் குடுத்தாங்கன்னா போதும் புள்ள," என்றார் அவர். "ஸ்டுடியோவுல கேட்டுப் பாரு. நா இங்க இருக்கறன்."

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகும் கடை விளம்பரங்கள், கோயில் விசேஷத்துக்கான பாட்டு சி.டி.கள் எல்லாம் அங்கேதான் தயாராகும். நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, எதுவும் கேட்காமல் பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். முனையையும் முனையையும் ஒட்டி அரை மணி நேரம் ஓடுகிற மாதிரி ஒரு சி.டி. போட்டுக் கொடுத்தார்.

பலிக்கவில்லை. ஒட்டுப்போட்ட இடம் எனக்குத் தெரியவே இல்லை. மகளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது, வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, அவள் உடம்பு விறைத்தது. அடுத்த வரிக்குப் போகாமல் பாட்டு திரும்பி வருகிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் திரும்பவும் மாடிப்படி ஏறினேன். "முழுப் பாட்டு வேணும் தம்பீ. எப்படியாச்சும் கண்டுபுடிச்சுக் குடுங்க. என்ற புள்ள செத்துப்போயிரும்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். "இருங்கக்கா. இதைக் காதால கேட்டா ஒண்ணும் விளங்காது, மிஷின் சத்தம் முழுங்கிருது. படமாப் பாத்துருவோம். என்ன பாட்டுன்னு படம் சொல்லாது. என்ன மாதிரிப் பாட்டுன்னு சொல்லும். அது தெரியாம எதைத் தேடுதது?"

திரையில் ஒரு படம் விரிந்தது. ஸ்பெக்ட்ரோகிராம் என்றார். இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. கீழே கனத்த ஒலி, மேலே போகப் போகக் கீச்சு ஒலி. சத்தம் கூடிய இடம் வெளிச்சமாகவும் குறைந்த இடம் இருட்டாகவும் தெரியும். எனக்கு முதலில் மழை பெய்கிற டி.வி. மாதிரித்தான் இருந்தது. மேல் பாதியில் ஓர் உயரத்துக்கு மேல் கத்தியால் வெட்டியது போல ஒரே கறுப்பு.

"அங்க ஒண்ணுமே இல்லியே?"

"அது போன் வெட்டுனது. பேச்சுக்கு வேண்டிய மட்டும் வச்சுட்டு, அதுக்கு மேல உள்ளதைப் போன் எடுக்காது. அங்க இருந்தது போனது போனதுதான்." பிறகு விரலைக் கீழே கொண்டுவந்தார். "இந்தா, ஆரம்பத்துல இருந்து கடைசி வரை கோடு போட்ட மாதிரி நேரா ஓடுதுல்லா? அசையவே இல்ல. அதான் உங்க மிஷின். இதையெல்லாம் கண்ணால விட்டுருங்க."

விட்டுவிட்டுப் பார்த்தேன். நேர்க்கோடுகளுக்கு நடுவே வேறு கோடுகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, ஏணிப்படி போலச் சம இடைவெளியில், எல்லாம் சேர்ந்தே வளைந்து நெளிந்து ஏறி இறங்கின.

"அது குரல். ஒரே குரல்தான் இத்தனை கோடா விழும். ஒண்ணு வளைஞ்சா எல்லாம் வளையும்." இன்னோர் இடத்தில் கோடுகள் அகலமான இடைவெளியோடு துண்டு துண்டாக மேலே தெறித்திருந்தன. "இது உங்க பிள்ளை சிரிக்கது."

நான் திரையைத் தொட்டேன். 

"கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இடைவெளி பாருங்க," என்றார் பிறகு. "சின்னப் பிள்ளைக்கு அகலம். பாடுறவருக்கு நெருக்கம். அடியில உள்ள முதல் கோடு இரைச்சல்ல மறைஞ்சு போச்சு, ஆனா இடைவெளி பொய் சொல்லாது. பாடுறது ஆம்பளைக்கா. பொம்பளை இல்ல."

 அத்தனை நாளும் கடை கடையாகப் பெண் குரலைத் தேடியிருக்கிறோம்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். ஆண் குரல் கொஞ்ச நேரம் மெல்லிய கோடுகளாக ஓடியது. பிறகு அதே உயரத்தில் கோடுகள் தடித்து, ஓரம் கலைந்து, பஞ்சு போல ஆயின. அது பலபேர் சேர்ந்து பாடுவது, ஒருவர் குரலும் அடுத்தவர் குரலும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று விழாததால் அப்படித் தெரிகிறது என்றார். இவை இரண்டுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அது வளையவில்லை. தட்டையாகப் போய், சட்டென்று ஒரு படி ஏறி, மறுபடி தட்டையாகப் போனது.

"குரல் வழுக்கிக்கிட்டுப் போகும். இது படிக்கட்டு மாதிரிப் போகுது பாருங்க. கட்டை வச்ச வாத்தியம். கீ-போர்டா இருந்தா ஒவ்வொரு ஸ்வரமும் அச்சடிச்ச மாதிரி ஒரே கணக்கா இருக்கும். இது காத்து வாங்கி மெல்ல ஊதி வருது. ஆர்மோனியம்."

பிறகு ஏதோ ஓர் அமைப்பை மாற்றினார். கோடுகளெல்லாம் மங்கின. அவற்றுக்குப் பதிலாகச் செங்குத்தான கீற்றுகள் வேலி போல வரிசையாக எழுந்து நின்றன. ஒரே படத்தில் இரண்டையும் கூர்மையாகப் பார்க்க முடியாது, ஸ்வரம் தெளிவாக வேண்டுமென்றால் நேரம் கலங்கும், நேரம் தெளிவாக வேண்டுமென்றால் ஸ்வரம் கலங்கும் என்றார். அந்தக் கீற்றுகள் மேள அடிகள். சிலவற்றின் அடிப்பாகத்தில் சின்ன வால் போல ஒரு வளைவு இருந்தது. இரண்டு பக்கமும் தட்டுகிற மேளத்தில் கனத்த பக்கம் அது. வேறு சில கீற்றுகள் வெட்டுப்பட்ட கறுப்பு வரைக்கும் போய் முட்டி நின்றன. அது ஜால்ரா, மேலே உள்ள பாதியைப் போன் தின்றுவிட்டது. கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தார். அரை வினாடி. நிமிடத்துக்கு நூற்றிருபது அடி.

"ஒத்தை ஆம்பளை முன்னால பாடுதாரு, கூட்டம் திருப்பிப் பாடுது. ஆர்மோனியம், மேளம், ஜால்ரா. சினிமா இல்லக்கா இது. பஜனை."

"எந்தப் பாஷைங்க?"

"அது படத்துல தெரியாது," என்றார். கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார்.

இண்டர்நெட்டில் தேடினார். பழைய பாட்டுகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறவர்கள் கூடும் ஒரு பக்கத்தில், ஆண் குரல், கூட்டம், ஆர்மோனியம், நூற்றிருபது என்று நாங்கள் கண்டதையெல்லாம் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. நான் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். வடக்கத்தி ஆட்களுக்காகவே சி.டி. விற்கிற ஒரு தள்ளுவண்டி அங்கே உண்டு. ஹிந்தி, பெங்காலி, ஒரியா, போஜ்புரி என்று பஜனை எதில் இருந்தாலும் கொடுங்கள் என்றேன். ஒவ்வொரு வட்டிலும் நூற்றுக்கு மேல் பாட்டு. பை நிறைய வாங்கி வந்தேன்.

தினமும் காலையில் ஆஸ்பத்திரியில் மகளைப் பார்த்துவிட்டு மாடிக்கு வந்துவிடுவேன். பாட்டைக் கேட்க நேரமில்லை. ஒவ்வொன்றையும் படமாக்கி ஒரு பார்வை பார்ப்போம். கோடுகளின் இடைவெளி அகலமா? பெண் குரல், தள்ளு. ஒற்றைக் கோடாக மேலே மிதக்கிறதா? புல்லாங்குழல், தள்ளு. அச்சடித்த படிக்கட்டா? கீ-போர்டு, தள்ளு. எல்லாம் சரியாக இருந்தால் அடிகளை அளப்போம். நூற்றிருபதை ஒட்டி வராததையும் தள்ளுவோம். கொஞ்ச நேரத்தில் அவர் சொல்வதற்கு முன்னால் நானே "தள்ளுங்க" என்று சொல்லுமளவுக்கு ஆனேன். நடுவே கரண்ட் போகும். அப்போதெல்லாம் மணிக்கணக்கில் போகும். பேட்டரி கத்திக் கத்தி ஓயும். திரை இருண்டதும் கரண்டுக்காகக் காத்திருப்போம். தெருவில் ஆட்டோ ஒன்று அவர் குரலிலேயே ஜவுளி விளம்பரம் சொல்லிக்கொண்டு போகும். எனக்கு அந்தக் குரலை நெரிக்க வேண்டும் போல இருக்கும்.

கடைசி வட்டும் முடிந்தது. எதுவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"நாளைக்கு மூக்கு வழியா டியூப் போடறாங்களாமா. டாக்டர் சொல்லிட்டாரு."

"அவ புடுங்கிப் போட்டுருவாளேங்க."

"கையக் காலக் கட்டித்தான் போடோணுமாமா." அவர் குரல் உடைந்தது. "நீ வந்துரு புள்ள. பாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ இங்க வந்துரு. எனக்குப் பயமா இருக்குது."

போனை வைத்துவிட்டு அழுதேன். ஒரு வேற்று ஆண் முன்னால், வாய் விட்டு, மூக்கொழுக அழுதேன். அந்தப் பையன்களைத் திட்டினேன், ஓனரைத் திட்டினேன், என் வயிற்றைத் திட்டினேன். ஸ்டுடியோக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நான் நன்றியோடிருக்கிறேன். திரும்ப உட்கார்ந்து, செல்போன் பதிவின் படத்தையே எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பாட்டுப் பதிவுக்காக வைத்திருந்த கீ-போர்டை இழுத்து ஒரு கட்டையை அழுத்தினார். அடுத்ததை அழுத்தினார். மறுபடி முதல் கட்டை.

"எக்கா. இங்க வாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"இந்த ஆர்மோனியம் எந்தக் கட்டையிலயும் நிக்க மாட்டேங்குது. இதுக்கும் அடுத்ததுக்கும் சரியா நடுவுல நிக்குது. குரல் நடுவுல நிக்கலாம், ஆர்மோனியம் எப்படி நிக்கும்? நடுவுல கட்டையே கிடையாதே."

"பழைய ஆர்மோனியமா இருக்குமுங்களோ?"

"இருக்கலாம். ஆனா…" அவர் என் பக்கம் திரும்பினார். "பாட்டு எதுல ஓடுச்சுன்னு சொன்னிய? சி.டி.யிலா?"

"டேப்புங்க. கேசட்டுப் போடற டேப்பு. மூடிகூட இல்ல, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பாங்க."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அந்த டேப் வேகமா ஓடியிருக்கு. மோட்டார் ஓட்டம் கூடியிருக்கும். டேப் வேகமா ஓடுனா தாளமும் வேகமாகும், ஸ்வரமும் மேல ஏறிரும். நாம நூத்தியிருபதுன்னு அளந்தது டேப்போட வேகம், பாட்டோட வேகம் இல்ல. சரியான பாட்டு கையில வந்தும் நாமளே தள்ளியிருக்கோம்."

 "அப்ப எப்படித் தேடறது? வேகமும் பொய்யி, சுருதியும் பொய்யி."

"எண்ணிக்கை பொய்யாகாதுல்லா," என்றார். "டேப் எப்படி ஓடினாலும் நாலு அடி நாலு அடிதான்."

வேலி போட்ட படத்தையும் கோடு போட்ட படத்தையும் மேலும் கீழுமாக வைத்துக்கொண்டு நானே எண்ணினேன். தனிக்குரல் பதினாறு அடிக்கு ஓடியது. பஞ்சுக் கோடு எட்டு அடிக்கு. மறுபடி பதினாறு, மறுபடி எட்டு. கூட்டம் பாடும்போது ஆர்மோனியம் இரண்டு படி ஏறி, மூன்று படி இறங்கியது. இவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. வேகம் ஒட்டவில்லை என்று தள்ளியவற்றை மட்டும் திரும்ப எடுத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நான் அங்கே உட்கார்ந்திருந்ததை வீட்டுக்காரர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரியா வட்டு ஒன்றில் வந்தது. திரையில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். மெல்லிய கோடுகள், எண்ணினேன், பதினாறு. பஞ்சு, எட்டு. திரும்பவும் எண்ணினேன். படிக்கட்டு இரண்டு ஏறி, மூன்று இறங்கியது. அவர் அடிகளை அளந்தார். நிமிடத்துக்கு நூற்றுப்பத்து. ஆர்மோனியக் கோட்டின் உயரத்தை அளந்தார். செல்போன் பதிவில் இருந்ததைவிடத் தாழ்ந்திருந்தது. இரண்டையும் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தார். வேகம் எந்த விகிதத்தில் குறைந்ததோ அதே விகிதத்தில்தான் சுருதியும் குறைந்திருந்தது.

"வேற ஆள் பாடுன அதே பாட்டா இருந்தா ரெண்டும் இப்படி ஒத்து வராது. இதே பதிவுதான், எக்கா. இதேதான்."

ஸ்பீக்கரில் போட்டார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒரு கனத்த குரல்காரர் சாவகாசமாகப் பாடிக்கொண்டிருந்தார்.  ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் வேகத்தைக் கூட்டினார், தாளமும் சுருதியும் சேர்ந்து ஏறும்படியாக. குரல் இளைத்து மேலே ஏறியது. எங்கள் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த மத்தியானம் அந்த அறைக்குள் வந்துவிட்டது.

ஒரு சி.டி.யில் இரண்டையும் பதித்துக் கொடுத்தார். முதலில் அசல் பாட்டு, இரண்டாவதாக வேகம் கூட்டியது. "அசலே பிடிச்சுப்போச்சுன்னா நல்லது, கேட்கச் சுத்தமா இருக்கும்," என்றார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டில் பிற்பகல் வெயில் கட்டில்மேல் கிடந்தது. மகளுடைய உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்துகொண்டு எதையும் பார்க்காமல் படுத்திருந்தாள். வீட்டுக்காரர் யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்த சி.டி. பிளேயரில் போட்டேன். அசல் பாட்டு தொடங்கியது. அவள் தலை மெதுவாகத் திரும்பியது.  நெற்றி சுருங்கியது. பிறகு வாய் கோணி, கட்டாத கையால் தன் காதிலேயே ஓங்கி அடித்துக்கொண்டாள், மறுபடி மறுபடி.

"இது இல்ல புள்ள, இது இல்ல, நிறுத்து!" என்று அவர் கத்தினார்.

"இதுதானுங்க," என்று நானும் கத்தினேன். பட்டனைத் தேடி, அடுத்த பாட்டுக்குத் தள்ளினேன்.

அடித்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

அவள் பாட்டைப் பார்த்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒலி வந்த பக்கம் கண்ணை வைத்து, கண் சிமிட்டாமல் பார்த்தாள். செல்போன் பதிவு முடிகிற வரி வந்தது. உடம்பு விறைத்தது. பாட்டு அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனது. அவளிடமிருந்து நீளமான ஒரு மூச்சு வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

"கஞ்சி," என்றேன். அவர் டம்ளரை எடுக்கப் போய்க் கீழே தட்டிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரம்மா தன் தூக்குவாளியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனேன். "வாங்கிக்கோ கண்ணு. என்ற சாமி." வாய் திறந்தது. விழுங்கினாள். கூட்டம் திருப்பிப் பாடும்போது இன்னொரு வாய். பாட்டு முடிவதற்குள் ஆறேழு வாய் போயிருக்கும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். முழுசாக முடிந்து தொடங்குவதில் அவளுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

வீட்டுக்காரர் வெளியே வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவது கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

டியூப் போடவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பேச்சு வரவில்லை. பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. அடுத்தடுத்து வேறு கஷ்டங்கள் வந்தன, அவற்றுக்கெல்லாம் படம் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் சாப்பிட்டாள். வேளைக்கு ஒரு தடவை அந்தப் பாட்டைப் போட்டால் சாப்பிட்டாள். சி.டி. பிளேயரின் பட்டனைத் தானே அழுத்தக் கற்றுக்கொண்டாள். அவள் தானாக எடுத்துக்கொண்ட முதல் வேலை அது. எப்போதும் முதல் பாட்டைத் தாண்டி இரண்டாவதற்குப் போய்விடுவாள்.

பக்கத்துக் கம்பெனி மறுபடி திறந்தபோது வேறு பையன்கள் வந்தார்கள். அதில் ஒருவன் ஒருநாள் மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றான். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே நின்றவன் சிரித்தான்.

"அக்கா, இது எங்க ஊர் பாட்டு. ஆனா ரொம்ப ஸ்பீடு. இப்பிடி பாடாது."

"தெரியுந் தம்பி. இதுல என்ன பாடறாங்க?"

அவன் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லத் தொடங்கினான். சாமி பாட்டு, தேர் இழுக்கிற பாட்டு என்று கைகளால் கயிறு இழுத்துக் காட்டினான். அதற்குள் மகள் எழுந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பேச்சு பாட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் கதவைத் தள்ளி, அவனை வெளியே வைத்துச் சாத்திவிட்டுத் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.